மெதுவாகச் செய்தால் மட்டும் மீள் நிகழ்வு ஆகிவிடாது

போன வாரம் அஸ்தம்பட்டி ட்யூஷனில், வெப்ப இயக்கவியல் பாடத்தில், ஒரு பையன் போர்டில் எழுதினான்: "நிகழ்வு மிக மெதுவாக நடப்பதால் இது மீள் நிகழ்வு." பின்பெஞ்சில் இருந்த நாலு பேரும் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. படிக்கிற காலத்தில் வைவாவில் நானும் இதே வரியைத்தான் சொன்னேன். வந்திருந்த தேர்வாளர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏற்காட்டிலிருந்து பிரேக்கைப் பிடிச்சிக்கிட்டே இறங்குற பஸ்ஸும் மெதுவாத்தானே வருது தம்பி, அது மீள் நிகழ்வா?" நான் கூரையைப் பார்த்தேன்.

மீள் நிகழ்வு என்றால், எந்தத் தடயமும் மிஞ்சாமல் வந்த வழியே திரும்பக்கூடியது. மலை இறங்கும் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கிலோ கார் ஒன்று இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு வந்து சேர, ஏறக்குறைய 1200 மீட்டர் இறங்குகிறது. இழக்கும் நிலை ஆற்றல் சுமார் 1.2 கோடி ஜூல், அதாவது மூன்று யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் மேல். முக்கால் மணி நேரத்தில் இறங்கினாலும் சரி, அரை நாள் ஊர்ந்து வந்தாலும் சரி, அத்தனையும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகிக் காற்றோடு போகிறது.

## பெயரை நம்புவது

மிக மெதுவாக நடக்கும் நிகழ்வுக்குப் பாடப்புத்தகத்தில் மீமெது நிகழ்வு என்று பெயர். நல்ல தமிழ்தான். ஆனால் பக்கத்திலேயே மீள் நிகழ்வு என்றும் வருவதால் இரண்டும் பிள்ளைகள் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. மீமெது என்பது வாயுவைப் பற்றிய பேச்சு: ஒவ்வொரு கணமும் உள்ளே அழுத்தமும் வெப்பநிலையும் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அழுத்தத்தையும் கன அளவையும் குறிக்கும் P–V தாளில் அதை ஒரு புள்ளியாக வைக்க முடிகிறது. மீள் என்பது வாயுவும் அதைச் சுற்றியுள்ள எல்லாமும் சேர்ந்த பேச்சு: வந்த வழியே திரும்பினால், வெளியே எந்தத் தடயமும் மிஞ்சக் கூடாது. எல்லா மீள் நிகழ்வும் மீமெதுவானது. எல்லா மீமெது நிகழ்வும் மீள் அல்ல.

## எதைவிட மெது?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும் இன்ஜினில் பிஸ்டன் ஒருமுறை ஏற நூறில் ஒரு நொடி ஆகிறது. உள்ளே அழுத்த வித்தியாசத்தைச் சமன்செய்வது ஒலி வேகத்தில் போகும் அலை. பத்து சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆகாது. நம் கண்ணுக்குப் பறக்கிற பிஸ்டன் வாயுவுக்கு நிதானமாகத்தான் வருகிறது.

## நிதானமாகச் செய்தால் நஷ்டமே இல்லை என்று நினைப்பது

இதற்குத்தான் இந்தக் கட்டுரை. நான் பணமும் இரண்டு வாரமும் தொலைத்த இடமும் இதுதான்.

முதலில் உராய்வே இல்லாத ஒரு சிலிண்டர். குறுக்குப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், உள்ளே 2 லிட்டர் காற்று, பிஸ்டன் அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பிஸ்டனுக்கு எடை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி இருப்பதால் வெப்பநிலை மாறாது. வெளிக்காற்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கல். உள்ளே உள்ளதை 1 லிட்டராகச் சுருக்க அழுத்தம் இரட்டிப்பாக வேண்டும். அதற்கு மேலே 100 கிலோ எடை ஏற்ற வேண்டும். செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் மட்டத்தில் இருக்கும் பலகையிலிருந்து நூறு கிலோ மூட்டையை ஒரே தடவையில் பிஸ்டன் மேல் வைக்கிறீர்கள். பிஸ்டன் தொபீரென்று இறங்கி, எம்பி, ஆடி, கடைசியில் 10 சென்டிமீட்டரில் நிற்கிறது. இப்போது மூட்டையைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறீர்கள். பிஸ்டன் பழையபடி 20 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். வாயு அதே அளவு, அதே அழுத்தம், அதே வெப்பநிலை. எல்லாம் முன்பு போலவே இருக்கிறதா? மூட்டையைப் பாருங்கள். மேல் பலகையில் இருந்தது இப்போது 10 சென்டிமீட்டர் கீழே கிடக்கிறது. அதைத் திரும்ப மேலே தூக்க 100 ஜூல் வேண்டும். அந்த 100 ஜூல் எங்கே போனது? பிஸ்டன் ஆடியபோது வாயுவைக் கலக்கிச் சூடாக்கி, தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒரு வாளித் தண்ணீருக்கு 100 ஜூல் கொசுக்கடி. ஆனால் மூட்டை கீழே கிடப்பது பொய்யில்லை. தள்ளிய வெளி அழுத்தத்துக்கும் எதிர்த்த உள் அழுத்தத்துக்கும் இருந்த வித்தியாசம் விட்டுப்போன தடயம் அது.

அதே அரிசியைப் பத்து கிலோ மூட்டைகள் பத்தாகப் பிரியுங்கள். ஒன்று வைத்து, பிஸ்டன் அடங்கும் வரை நின்று, அந்த மட்டத்துப் பலகையிலிருந்து அடுத்தது. இறக்கும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுங்கள். ஒவ்வொரு மூட்டையும் ஏறிய மட்டத்துக்கு ஒரு படி கீழே இறங்குகிறது. எல்லாப் படிகளையும் கூட்டினால் மொத்தம் 10 சென்டிமீட்டர், தூக்க வேண்டியது 10 ஜூல். ஒரு கிலோப் பொட்டலம் நூறு என்றால் 1 ஜூல். அரிசியை மணி மணியாக வைத்தால் நஷ்டம் இருந்த இடம் தெரியாது. அழுத்த வித்தியாசத்தால் வரும் நஷ்டம் இப்படிப்பட்டது. படியைச் சிறிதாக்கினால் அதுவும் சிறிதாகும். இந்த இடத்தில் மட்டும் "மெதுவாகச் செய்" என்ற அறிவுரை செல்லும்.

இப்போது பிஸ்டனுக்கு ஓர் இறுக்கமான வாஷர் போடுங்கள். உராய்வு விசை 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடை. கீழே இறங்க, உள் அழுத்தத்தோடு இந்த 5 கிலோவையும் சேர்த்து வைத்தால்தான் பிஸ்டன் நகரும். மேலே ஏற, 5 கிலோ குறைத்தால்தான் நகரும். போகும்போது எதிராக இருந்த உராய்வு, வரும்போது ஒத்தாசை செய்யாது, மறுபடியும் எதிராகவே நிற்கும். 10 சென்டிமீட்டர் போக, 10 சென்டிமீட்டர் வர, 50 நியூட்டன்: ஒரு சுற்றுக்கு 10 ஜூல். அரிசியை மணி மணியாக வையுங்கள், மணிக்கு ஒரு மணி நேரம் காத்திருங்கள், அந்த 10 ஜூலில் ஒரு குந்துமணி அளவும் குறையாது. வாயு முழுக்க முழுக்க மீமெதுவாகத்தான் போகிறது. நிகழ்வு மீளாதது.

இது எனக்குப் புரிந்தது ஒரு சிரிஞ்சால். வகுப்பில் காட்டலாம் என்று 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையை அழுத்தமானியோடு இணைத்து, செங்குத்தாக நிறுத்தி, மேலே தட்டு வைத்து, 200 கிராமாக எடை ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம் காத்திருப்பு. எடையிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிட்டு வரைபடம் போட்டால், ஏறிய கோடும் இறங்கிய கோடும் சேரவில்லை, நடுவில் புளியங்காய் மாதிரி ஓர் இடைவெளி. கசிவு என்று நினைத்து எல்லா இணைப்பிலும் டெஃப்லான் டேப் சுற்றினேன். பிறகு அழுத்தமானியைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்கினேன். அப்புறம் "அவசரப்படுகிறோம்" என்று படியையும் சிறிதாக்கி, ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று காத்திருந்தேன். ஒருநாள் ராத்திரி இரண்டு மணி வரை எடை வைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் என்ன நினைத்தார்களோ. இடைவெளி அப்படியே இருந்தது.

விடை அந்த "அப்படியே"வில்தான் இருந்தது. அழுத்த வித்தியாசம் காரணமாக இருந்திருந்தால், படியைச் சிறிதாக்கக் கோடுகள் நெருங்கியிருக்கும். கசிவாக இருந்தால், காத்திருக்கக் காத்திருக்க இடைவெளி அகன்றிருக்கும். இரண்டும் இல்லை. பிறகுதான் எடையை விட்டுவிட்டு அழுத்தமானி காட்டிய எண்களை வைத்து வரைந்தேன். ஏறியதும் இறங்கியதும் ஒரே கோட்டில் கச்சிதமாக விழுந்தன. வாயு ஒரு தப்பும் செய்யவில்லை. உள் அழுத்தத்தை மட்டும் பார்த்திருந்தால், இது மீள் நிகழ்வு என்று சத்தியமே செய்திருப்பேன்.

ஒரே கன அளவில், வெளி அழுத்தம் போகும்போதும் வரும்போதும் சுமார் 20 கிலோபாஸ்கல் வேறுபட்டது. அதில் பாதி, 10 கிலோபாஸ்கல், உராய்வின் பங்கு. சிரிஞ்சின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர் என்றால் 6 நியூட்டன், 600 கிராம். முனையைத் திறந்து விட்டு, உள்ளே அழுத்தமே சேராதபடி எடை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய அதே எடையில்தான் ரப்பர் நகர ஆரம்பித்தது. ஒரு பழைய மருந்துக்கடையில் கண்ணாடி சிரிஞ்ச் கிடைத்ததும் மாற்றினேன். இடைவெளி ஒல்லியானது, மறையவில்லை.

அதனால், வேலையைக் கணக்கிட P dV எழுதும்போது, எந்த P, உள்ளே இருக்கும் அழுத்தமா வெளியிலிருந்து தள்ளும் அழுத்தமா என்று கேளுங்கள். உராய்வு இருந்தால் வாயு பெறும் வேலை வேறு, நீங்கள் கொடுக்கும் வேலை வேறு.

## "வாயு பழைய நிலைக்கு வந்துவிட்டது, ஆகவே மீள் நிகழ்வு"

மூட்டையைப் பாருங்கள்.

## வெப்பநிலை வித்தியாசத்தை மறப்பது

வாயுவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருந்தால், அழுத்த வித்தியாசத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

## கசிவும் மெதுதான்

மாலையில் காற்றடித்த டயர், விடிந்து பார்த்தால் தட்டையாகக் கிடக்கிறது. பத்து மணி நேரம் எடுத்துக்கொண்ட நிகழ்வு, இதைவிட மெதுவாக ஒன்றைக் கேட்க முடியாது. உள்ளே இருந்த காற்று எந்தக் கணத்திலும் சமநிலையில்தான் இருந்தது, வெளியே இருந்ததும் அப்படியே. ஆனால் அந்த ஊசித் துளைக்கு இந்தப் பக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம், அந்தப் பக்கம் வெறும் வெளிக்காற்று. படியைச் சிறிதாக்க அங்கே யாரும் நிற்கவில்லை, தூக்கி வைக்க மூட்டையும் இல்லை. பஞ்சர் கடைக்காரர் திரும்பக் காற்றடிக்கும்போது கம்ப்ரஸர் இழுக்கும் கரண்டுதான் அந்தக் கணக்கில் விழுந்த துண்டு.