ஜிலேபி தட்டையாகப் போகிறதா?

சுற்றுமுன் புளித்த மாவைக் கரண்டியில் தூக்கி விட்டுப் பாருங்கள். அறுபடாமல் நாடாவாக விழுந்து, அந்தத் தடம் இரண்டு மூன்று விநாடி நின்று மறைய வேண்டும். உடனே மறைந்தால் ஒரு ஸ்பூன் மைதா சேருங்கள். நகரி, புத்தூர் பக்கத்து வெயிலில் காலையில் கரைத்த மாவு மாலைக்குள் புளித்து நீர்த்துவிடும். நீர்த்த மாவு எண்ணெயில் உப்பாமல் பரவிவிடுகிறது.

தட்டையான சட்டியில் எண்ணெய் ஓர் அங்குலம் போதும், ஆழமானால் சுற்று கலையும். மிதமான தீயில், விட்ட மாவுத்துளி அடியில் போய் மெதுவாக எழும்பினால் சூடு சரி. பட்டதும் குபுகுபுவென்று பொங்கினால் தீயைக் குறையுங்கள். நடுவிலிருந்து வெளியே மூன்று சுற்று, ஐந்தாறு விநாடிக்குள் முடியுங்கள்; தாமதித்தால் முதல் சுற்று வெந்து, அடுத்தது ஒட்டாது.

நெய்க்கும் இதே கணக்குதான். உளுந்து அரைத்துச் சுற்றும் ஜாங்கிரிக்கு இது பொருந்தாது, அந்த மாவு இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.