துலைஞ்ச சாமானுக்கு குறூப்பில மெசேஜ் போடேக்க

ஊர் வட்ஸ்அப் குறூப்பில துலைஞ்ச சாமானைப் பற்றிப் போடேக்க, எல்லா அடையாளத்தையும் எழுதிப்போடாதேங்கோ, ஒண்டை மட்டும் மனசுக்க வச்சிருங்கோ. உதாரணத்துக்கு, "இண்டைக்குக் காலமை 8 மணிபோல தர்மபுரத்தில இருந்து விசுவமடு வரைக்கும் மோட்டார்சைக்கிளில வரேக்க மண்ணிற பேர்ஸ் ஒண்டு விழுந்திட்டுது, கண்டாக்கள் இந்த நம்பருக்கு ஒருக்கா சொல்லுங்கோ, பெரிய உதவி" எண்டு போட்டாக் காணும். உள்ளுக்க எவ்வளவு காசு, சிப் எந்தப் பக்கம் பிஞ்சிருக்கு எண்டதைச் சொல்லவேண்டாம். யாரும் "என்னட்டத்தான் கிடக்கு, முதல் ரீலோட் போடுங்கோ" எண்டு எடுத்தா அந்த ஒண்டைக் கேளுங்கோ, பொய்யெண்டா அதிலயே முழிப்பினம். றோட்டும் நேரமும் போட்டா அந்த நேரம் அதால போன ஆக்களுக்கு டக்கெண்டு ஞாபகம் வரும், சும்மா "பேர்ஸைக் காணேல்ல" எண்டா ஆரும் திரும்பியும் பாராயினம்.

கிடைச்சோடன அதே மெசேஜுக்குக் கீழ "கிடைச்சிட்டுது, எடுத்துத் தந்தவருக்கும் தேடின எல்லாருக்கும் நன்றி" எண்டு போட்டுவிடுங்கோ, இல்லாட்டி கிழமைக்கணக்கா ஃபோவேட் ஆகிக்கொண்டு திரியும்.

பாங்க் காட், அடையாள அட்டை துலைஞ்சா இது சரிவராது. முதல் பாங்குக்கு எடுத்து காட்டை நிப்பாட்டுங்கோ, அட்டைக்குப் பொலிசில முறைப்பாடு போடுங்கோ, குறூப் அதுக்குப் பிறகுதான்.