குளியலறைக் குழாயை வைத்து லேர்னிங் ரேட்டை விளக்குவது எப்படி?

இயந்திரக் கற்றல் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டால், எல்லாவற்றையும் சொல்லப் போகாதீர்கள். ஒரே ஒரு கருத்தை எடுத்து நாலு சின்னப் பதிவுகளாகப் போடுங்கள். நான் எடுப்பது லேர்னிங் ரேட். தவறு தெரிந்ததும் மாடல், அதாவது தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல், தன்னை எவ்வளவு திருத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது.

முதல் பதிவு: காட்சி மட்டும். சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து வரும் குழாயைத் திறக்கிறீர்கள். கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. கைப்பிடியைச் சூட்டுப் பக்கம் திருப்பி, மறுபடி கை வைக்கிறீர்கள். மாடலும் இப்படித்தான்: ஊகிக்கும், எவ்வளவு விலகியது என்று பார்க்கும், திருத்தும்.

இரண்டாவது: எண்கள். வேண்டியது 40 டிகிரி, வருவது 28. இடைவெளி 12. கைப்பிடியை ஒரு கோடு திருப்பினால் 4 டிகிரி மாறும். ஆனால் குளிப்பவருக்கு அது தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு விதிதான்: இடைவெளியை ஓர் எண்ணால் பெருக்கு, வந்த விடை எத்தனையோ அத்தனை கோடு திருப்பு. அந்த எண்தான் லேர்னிங் ரேட்.

மூன்றாவது: எண்ணை மாற்றிப் பாருங்கள். இதற்கு மட்டும் அவசரப்படாதீர்கள், பேப்பரில் போட்டே காட்டுங்கள். 0.125 என்றால் ஒன்றரைக் கோடு திருப்புவோம், 6 டிகிரி ஏறும். இடைவெளி 12, 6, 3, 1.5 என்று பாதி பாதியாகக் குறையும். 0.02 என்றால் பத்து முறை திருப்பியும் 5 டிகிரிக்கு மேல் பாக்கி. அதற்குள் வாளி நிறைந்துவிடும். 0.5 வைத்தால் ஆறு கோடு திருப்பி 52-க்குப் போவோம், பதறித் திருப்பினால் மறுபடி 28. காலம் முழுக்க இதே ஆட்டம். 0.6 இன்னும் மோசம்: 28-லிருந்து 56.8, அங்கிருந்து 16.5. ஒவ்வொரு திருப்பலிலும் தவறு பெரிதாகிறது.

உடனே ஒருவர் கேட்பார்: "0.25 வைத்தால் ஒரே திருப்பலில் 40 வந்துவிடுமே?" நல்ல கேள்வி. ஒற்றைக் குழாய்க்கு அது சரி. மாடலில் லட்சக்கணக்கான கைப்பிடிகள்; ஒன்றைத் திருப்பினால் மற்றதன் விளைவும் மாறும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். எவ்வளவு தூரம் என்பதைத்தான் முயன்று பார்க்க வேண்டியிருக்கிறது. உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நாலாவது: நிஜத்தில் எப்படித் தெரியும்? பயிற்சியின்போது லாஸ் என்ற தவற்றின் அளவு திரையில் ஓடும். அது நகராமல் நின்றால் எண் மிகச் சிறியதாக இருக்கலாம். ஏறி இறங்கிக் குதித்தாலோ கடைசியில் எண்ணே இல்லை என்று பொருள்படும் `nan` வந்தாலோ, முதலில் சந்தேகப்பட வேண்டியது பெரிய லேர்னிங் ரேட்டைத்தான். பத்தில் ஒரு பங்காக்கிப் பாருங்கள். மாடல்களைப் பயிற்றுவிக்க உதவும் பைடார்ச் என்ற மென்பொருளில் ஆடம் என்ற திருத்தும் முறைக்கு இயல்பாக வைத்திருப்பது 0.001. பலர் ஒரே எண்ணைக் கடைசிவரை வைப்பதில்லை. தவறு குறையக் குறைய எண்ணையும் குறைத்துக்கொண்டே வருவார்கள். தண்ணீர் பதமாக வரும் நேரத்தில் நாமும் கைப்பிடியை விரல் நுனியால்தானே தட்டுகிறோம்.