‘எப்படி இருக்கீங்க?’ என்று அரபியில், ஜப்பானிய மொழியில், ஜெர்மனில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

துபாயில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். காலையில் உள்ளே வந்த சிரியாக்கார மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து “கீஃபக்?” என்றார். ‘எப்படி இருக்க?’ என்று அர்த்தம். முந்தைய ராத்திரி முழுக்க எனக்கு முதுகு வலி. தெரிந்த அரைகுறை அரபியில் வலி, மாத்திரை, தூக்கமில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவர் போன பிறகு கீழக்கரைக்கார அண்ணன் ஒருவர் சொன்னார்: “தம்பி, மொதல்ல அல்ஹம்துலில்லாஹ் சொல்லு. வலியை அதுக்கப்புறம் சொல்லு.”

அந்த முதுகு வலியையே உதாரணமாக வைத்துக்கொண்டு மூன்று மொழிகளிலும் பதில் சொல்லிப் பார்ப்போம்.

படி 1: அரபி – முதலில் நன்றி, பிறகுதான் நலம்

கேள்வி ஊருக்கு ஊர் மாறும். புத்தக அரபியில் “கைஃப ஹாலுக்?”, லெபனான், சிரியா பக்கம் “கீஃபக்?”, எகிப்தில் “இஸ்ஸய்யக்?”, குவைத்தில் “ஷ்லோனக்?”. கடைசியில் உள்ளதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘உன் நிறம் எப்படி?’ என்று வரும். கேட்கப்படுபவர் பெண்ணானால் சொல்லின் முடிவு மாறும்: கீஃபிக், இஸ்ஸய்யிக், ஷ்லோனிச்.

கேள்வி எப்படி வந்தாலும் பதிலின் முதல் சொல் ஒன்றுதான்: “அல்ஹம்துலில்லாஹ்”, புகழெல்லாம் இறைவனுக்கே. இதை முஸ்லிம்கள் மட்டும்தான் சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அரபுக் கிறிஸ்தவர்களும் சொல்கிறார்கள். ‘இறைவனுக்கு நன்றி சொல்கிறோம்’ என்ற பொருளில் “நுஷ்குர் அல்லாஹ்” என்பதும் அவர்களிடம் சகஜம்.

உடம்பு சரியில்லாதபோதும் ஏன் இதையே சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி முகமனின் ஒரு பகுதி. சந்தித்ததும் மனிதர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்திக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லப்பட்டால் அதைவிட அழகாகவோ, குறைந்தது அதே அளவிலோ திருப்பிச் சொல்லுங்கள் என்று குர்ஆனின் 4-ஆவது அத்தியாயம் 86-ஆவது வசனம் சொல்கிறது. “ஸபாஹ் அல்ஃகைர்”, அதாவது நன்மையான காலை என்றால், “ஸபாஹ் அந்நூர்”, ஒளியான காலை என்று பதில் வருவது இந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போவதைப் பாருங்கள். அதனால் “அல்ஹம்துலில்லாஹ்” என்றதும் நிறுத்தாமல் “வ அன்த?” (பெண்ணிடம் “வ அன்தி?”), ‘நீங்க?’ என்று திருப்பிக் கேளுங்கள். வளைகுடாவில் இத்தோடு முடியாது. செய்தி என்ன, வீட்டார் எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். ஒவ்வொன்றுக்கும் அதே பதில் போதும், விவரம் தேவையில்லை. நீங்கள் திருப்பிக் கேட்கும்போது ‘வீட்டார் எப்படி?’ என்று கேளுங்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் ‘உங்க மனைவி எப்படி?’ என்று தனியாகக் கேட்பது பல இடங்களில் நாகரிகமில்லை.

அப்படியானால் முதுகு வலியை எப்படித்தான் சொல்வது? அதற்கும் வழி இருக்கிறது: “அல்ஹம்துலில்லாஹ் அலா குல்லி ஹால்”, எந்த நிலையிலும் இறைவனுக்கே புகழ். ‘எந்த நிலையிலும்’ என்று சேர்ந்ததும் எதிரில் இருப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று பிடிபடும். “ஃகைர்? என்ன ஆச்சு?” என்று அவரே கேட்பார். அப்போது சொல்லலாம். மேற்பார்வையாளர் அன்று பதறியதற்குக் காரணமும் இதுதான். நன்றி சொல்லாமல் நேராக வலியில் ஆரம்பித்ததால், நிலைமை கைமீறிவிட்டது என்று நினைத்துவிட்டார்.

படி 2: ஜப்பானிய மொழி – பெருமை எனக்கில்லை

பாடப்புத்தகத்தில் முதல் பக்கங்களிலேயே “ஒகெங்கி தெஸ் கா?” வந்துவிடும். அதை தினமும் பார்க்கும் ஆளிடம் தினமும் கேட்டுவிடாதீர்கள். சில வாரமோ மாதமோ பார்க்காதவரிடம் கேட்பது அது. அன்றாடம் காலையில் “ஒஹாயோ கொஸைமஸ்”, அலுவலகத்தில் எதிர்ப்பட்டால் “ஒத்ஸுகாரெசமா தெஸ்”. பின்னது ‘உழைத்துக் களைத்திருக்கிறீர்கள்’ என்பதை மதித்துச் சொல்லும் சொல். பதிலும் அதே சொல்தான்.

ரொம்ப நாள் கழித்துப் பார்த்தவர் “ஒகெங்கி தெஸ் கா?” என்று கேட்டால் பதில்: “ஹை, ஒகாகெசமா தெ.” இதில் ‘காகெ’ என்றால் நிழல். முன்னால் ‘ஒ’, பின்னால் ‘சமா’ இரண்டும் மரியாதைக்கு. ‘நிழலில் நன்றாக இருக்கிறேன்’ என்பது உள்பொருள். யாருடைய நிழல் என்று சொல்வதில்லை. தெய்வம், பெரியவர்கள், சுற்றியுள்ளவர்கள், கேட்டவர் எல்லாருமே அதில் அடக்கம். நம்மூர்ப் பெரியவர்கள் “உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்” என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். கேட்டவர் எனக்கு எந்த உதவியும் செய்திருக்க வேண்டியதில்லை. நலத்தை என் சாமர்த்தியமாகக் காட்டாமல் உறவின் பங்காக வைப்பதுதான் மரியாதை.

ஆரம்பத்தில் செய்யும் பிழை இரண்டு. கேள்வியில் இருந்த ‘ஒ’-வையும் சேர்த்து “ஒகெங்கி தெஸ்” என்று பதில் சொல்வது ஒன்று. அந்த ‘ஒ’ எதிராளிக்குத் தரும் மரியாதை. தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கூடாது; “கெங்கி தெஸ்” என்பதே சரி. இன்னொன்று, “அனத வா?”, ‘நீங்க?’ என்று திருப்பிக் கேட்பது. முகத்துக்கு நேரே ‘அனத’ சொல்வதைத் தவிர்ப்பார்கள். பெயரைச் சொல்லி, தனகா என்றால் “தனகா-சன் வா?” என்று கேளுங்கள்.

முதுகு வலி? பழக்கம் குறைந்தவரிடம் அதை எடுக்காமல் விடுவதே வழக்கம். கேட்டவரைக் கவலைப்பட வைப்பது அவர் தலையில் சுமையை ஏற்றுவது போல. சுமாராக இருந்தால் “ஒகாகெசமா தெ, நான்தோகா யத்தெ இமஸ்”, ஏதோ சமாளிச்சுக்கிட்டு இருக்கேன் என்று சொல்லலாம். நெருங்கிய நண்பர் “கெங்கி?” என்று கேட்டால் கதை வேறு, அங்கே வலியைச் சொல்லலாம்.

படி 3: ஜெர்மன் – கேட்டதற்கு உள்ளபடி பதில்

மரியாதையாக “வீ கேட் எஸ் ஈனென்?”, நெருங்கியவரிடம் “வீ கேட்ஸ்?”. கடையில் பில் போடுபவரிடம் இதைக் கேட்டால் திகைப்பார். அங்கே “ஹலோ” போதும். இது அறிமுகமானவரிடம், பதிலைக் கேட்க நேரம் இருக்கும்போது கேட்கும் கேள்வி. முகமன் வேலையை ‘ஹலோ’வும் ‘கூட்டென் டாக்’கும் பார்த்துக்கொள்வதால் இந்தக் கேள்வி கேள்வியாகவே மிஞ்சியிருக்கிறது.

நலமாக இருந்தால் “கூட், டாங்க. உண்ட் ஈனென்?”. நெருங்கியவரிடம் “உண்ட் டியர்?”. முழு வாக்கியமாகச் சொன்னால் “மியர் கேட் எஸ் கூட்”. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் “இஷ் பின் கூட்” என்று சொல்லிவிடுவார்கள். அது ‘நான் நல்லவன்’ அல்லது ‘நான் கெட்டிக்காரன்’ என்பது போல ஒலிக்கும். தமிழ் வழியாகப் போனால் சுலபம். ‘எனக்குப் பசிக்குது’, ‘எனக்கு முடியலை’ என்கிறோம் இல்லையா, அந்த ‘எனக்கு’தான் ‘மியர்’. ‘கேட்’ என்றால் போகிறது. சுமாரான நாளில் சொல்லும் “கேட் ஸோ” என்பது அப்படியே நம் “ஏதோ போகுது”.

முதுகு வலி இருந்தால் இங்கே மறைக்க வேண்டியதில்லை: “நிஷ்ட் ஸோ கூட்”, அவ்வளவு நல்லா இல்லை. ஆனால் அதோடு நிறுத்துங்கள். “வாஸ் இஸ்ட் டென் லோஸ்?”, என்ன ஆச்சு என்று அவர் கேட்ட பிறகு ஒரே வரி: “இஷ் ஹாப ரியுக்கன்ஷ்மெர்ட்ஸன்”, எனக்கு முதுகு வலி. “கூட்ட பெஸருங்!”, சீக்கிரம் குணமாகட்டும் என்பார். நீங்கள் “டாங்க” என்று சொல்லிவிட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவரும் உள்ளபடியே சொல்வார். காது கொடுத்துக் கேளுங்கள்.