இரட்டைத் தொடரில் கூட்டும் வரிசையை எப்போது மாற்றலாம்?

இரண்டு Σ அடுத்தடுத்து நிற்கும் ஒரு கணக்கு வந்தால், முதல் வேலையாக அவற்றை இடம் மாற்றிப் பார்க்கத்தான் கை போகும். பல நேரம் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் சில தொடர்களில் அப்படி மாற்றினால் விடையே வேறாகிவிடும், வழியில் எங்கேயும் தப்பு நடந்த மாதிரி தெரியவும் தெரியாது. எது பாதுகாப்பானது, எது இல்லை என்று மாற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பெருக்குத் தொடரின் கூடுதல் வாய்பாடு தெரிந்திருந்தால் போதும்.

படி 1: தொடரை அட்டவணையாக எழுதுங்கள்

இரட்டைத் தொடர் என்பது வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் முடிவில்லாமல் நீளும் ஓர் எண் அட்டவணை. m-ஆவது நிரையில், n-ஆவது நிரலில் இருக்கும் எண்ணை a(m,n) என்போம். முதலில் ஒவ்வொரு நிரையையும் கூட்டி, பிறகு அந்த நிரைக் கூடுதல்களைக் கூட்டுவது ஒரு வழி. முதலில் நிரல்களைக் கூட்டி, பிறகு அவற்றைக் கூட்டுவது இன்னொரு வழி. வரிசையை மாற்றுவது என்றால் இந்த இரண்டு வழியும் ஒரே விடை தரும் என்று நம்பி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, அவ்வளவுதான்.

அட்டவணை முடிவுள்ளதாக இருந்தால், அது பத்து நிரையோ பத்து லட்சமோ, கவலையே இல்லை. நிரைகள் மட்டும் முடிவுள்ள எண்ணிக்கையில் இருந்து, ஒவ்வொரு நிரையும் குவிந்தாலும் மாற்றலாம். சிக்கல் இரண்டு பக்கமும் முடிவிலியாகும்போதுதான்.

படி 2: எங்கே உடைகிறது என்று கண்ணால் பாருங்கள்

மூலைவிட்டத்தில் 1, அதற்கு வலப்பக்கத்தில் ஒட்டியபடி −1, மற்ற இடமெல்லாம் 0:

```
1  -1   0   0   0  ...
0   1  -1   0   0  ...
0   0   1  -1   0  ...
0   0   0   1  -1  ...
...
```

ஒவ்வொரு நிரையிலும் ஒரு 1, ஒரு −1. எல்லா நிரைக் கூடுதலும் 0, ஆகவே மொத்தம் 0. இப்போது நிரல்களைப் பாருங்கள். முதல் நிரலில் 1 மட்டும்தான் இருக்கிறது, அதன் கூடுதல் 1. இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு −1, ஒரு 1, கூடுதல் 0. மொத்தம் 1. ஆக, அதே எண்கள்தான், ஒரு வழியில் 0, மறுவழியில் 1.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இடது மேல் மூலையில் N நிரை, N நிரல் கொண்ட சதுரத்தை மட்டும் வெட்டி எடுங்கள். அதற்குள் N ஒன்றுகள் இருக்கும், ஆனால் −1 மட்டும் N−1 தான் இருக்கும், ஏனென்றால் கடைசி நிரையின் −1 சதுரத்துக்கு வெளியே, N+1-ஆவது நிரலில் நிற்கிறது. சதுரத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த ஒரு −1 எப்போதும் ஒரு கட்டம் தள்ளி வெளியேதான் இருக்கும். நிரை நிரையாகக் கூட்டும்போது அதைச் சேர்த்துக்கொள்கிறோம், நிரல் நிரலாகக் கூட்டும்போது அது நம் கைக்கு வருவதே இல்லை. மிகை எண்ணும் குறை எண்ணும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை நம்பித்தான் கூடுதல் நிற்கிறது என்றால், எதை எதோடு அடிக்கவிடுகிறோம் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும்.

படி 3: குறை எண்ணே இல்லாவிட்டால் தாராளமாக மாற்றுங்கள்

அட்டவணையில் எல்லா எண்ணும் 0 அல்லது அதற்கு மேல் என்றால், இரண்டு வழியும் ஒரே விடைதான் தரும். நிரூபணம் சின்னது, அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நிரை வழி மொத்தம் S, நிரல் வழி மொத்தம் T என்போம். N நிரை, M நிரல் கொண்ட எந்தச் செவ்வகத்தை எடுத்தாலும் அதன் கூடுதல் S-ஐத் தாண்டாது, ஏனென்றால் வெளியே விட்டதெல்லாம் மிகை எண்களோ 0-வோதான். இப்போது M-ஐ அப்படியே வைத்துக்கொண்டு N-ஐ முடிவிலிக்கு விடுங்கள்: முதல் M நிரல்களின் முழுக் கூடுதலும் S-ஐத் தாண்டவில்லை. அப்புறம் M-ஐ விடுங்கள்: T ≤ S. நிரையும் நிரலும் இடம் மாறினால் இதே வாதம் S ≤ T என்று தரும். எனவே S = T. ஒன்று முடிவிலி என்றால் மற்றதும் முடிவிலி.

படி 4: குறை எண் இருந்தால் மட்டு மதிப்பைக் கூட்டிப் பாருங்கள்

ஒவ்வொரு எண்ணின் குறிகளையும் நீக்கிவிட்டு |a(m,n)| என்ற புதிய அட்டவணையை எழுதுங்கள். இதில் குறை எண் கிடையாது, ஆகவே படி 3-இன்படி எந்த வரிசை சுலபமோ அந்த வரிசையில் கூட்டலாம். மொத்தம் முடிவுள்ள எண்ணாக வந்தால், மூலத் தொடரில் வரிசையை மாற்றலாம், விடை மாறாது.

ஏன் என்றால், a(m,n)-ஐ p − q என்று பிரிக்கலாம். p-இல் மிகை எண்கள் மட்டும், q-இல் குறை எண்கள் குறியை விட்டுவிட்டு. இரண்டு அட்டவணையிலும் குறை எண் இல்லை, இரண்டின் மொத்தமும் முடிவுள்ளது. தனித்தனியே வரிசை மாற்றிக் கழித்துவிட்டால் ஆயிற்று. மொத்தம் இரண்டும் முடிவிலியாக இருந்திருந்தால் அந்தக் கழித்தலுக்கே பொருள் இருந்திருக்காது.

தொகையீடுகளுக்கு இதே கருத்தை ஃபுபினி 1907-இலும், குறை எண் இல்லாத நிலைக்கு டொனெல்லி 1909-இலும் நிறுவினார்கள். பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் படி 4, படி 3 என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவனம். ஒவ்வொரு நிரையிலும் மட்டு மதிப்பின் கூடுதல் முடிவுள்ளது என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. மேலே பார்த்த 1, −1 அட்டவணையில் ஒவ்வொரு நிரைக்கும் அது வெறும் 2 தான். ஆனால் 2 + 2 + 2 + ... விரிகிறது. எல்லா நிரைகளையும் சேர்த்த மொத்தம்தான் முடிவுள்ளதாக இருக்க வேண்டும்.

படி 5: ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம்

ζ(n) = 1 + 1/2ⁿ + 1/3ⁿ + ... என்பது தெரிந்திருக்கும். அதில் முதல் 1-ஐ விட்டுவிட்டு, n = 2 முதல் எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும்?

```
Σ(n≥2) Σ(k≥2) 1/k^n
```

இருக்கிற வரிசையில் போனால் முதல் நிரை π²/6 − 1, அடுத்தது ζ(3) − 1, அதற்கு எளிய வாய்பாடு எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எல்லாமே மிகை எண்கள் என்பதால் படி 3 அனுமதி தருகிறது, மாற்றுவோம். k-ஐ நிறுத்தி வைத்து n-ஐக் கூட்டினால் அது முதல் உறுப்பு 1/k², பொது விகிதம் 1/k உள்ள பெருக்குத் தொடர்:

```
(1/k²) / (1 − 1/k) = 1/(k(k−1)) = 1/(k−1) − 1/k
```

இதை k = 2 முதல் கூட்டினால் (1 − 1/2) + (1/2 − 1/3) + ... என்று அடுத்தடுத்து அடிபட்டுப் போய், மொத்தம் சரியாக 1. எண்களை வைத்தும் பார்த்துவிடலாம்: 0.6449 + 0.2021 + 0.0823 + 0.0369 + 0.0173 என்று ஐந்து உறுப்புகளிலேயே 0.98-ஐத் தாண்டிவிடுகிறது.

இப்போது ஒவ்வொரு நிரையையும் (−1)ⁿ-ஆல் பெருக்குங்கள். குறை எண்கள் வந்துவிட்டன, ஆனால் மட்டு மதிப்புகளின் மொத்தம் என்ன என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும்: 1. முடிவுள்ளது, ஆகவே மாற்றலாம். பொது விகிதம் −1/k ஆகும், உள் கூடுதல் 1/(k(k+1)) = 1/k − 1/(k+1) என்று வரும், மொத்தம் 1/2.

படி 6: சோதனை தோற்கும் ஒரு கணக்கு

1, −1 அட்டவணை வேண்டுமென்றே செய்தது மாதிரித் தோன்றலாம். இதைப் பாருங்கள்: a(m,n) = 1/(m² − n²), m = n ஆனால் 0. பார்க்க எந்த வம்பும் இல்லாத வாய்பாடு. முதல் நிரையில்

```
1/(1 − n²) = −(1/2) · ( 1/(n−1) − 1/(n+1) )
```

என்று பிரித்து n = 2 முதல் கூட்டினால் −(1/2)(1 + 1/2) = −3/4 வரும். இதே பிரிப்பைப் பொதுவாகச் செய்தால் m-ஆவது நிரையின் கூடுதல் −3/(4m²). எல்லா நிரையையும் சேர்த்தால் −(3/4)(π²/6) = −π²/8, ஏறக்குறைய −1.23.

m-ஐயும் n-ஐயும் இடம் மாற்றினால் a(m,n)-இன் குறி மாறும். ஆகவே நிரல் வழியில் வேறு கணக்கே தேவையில்லை, விடை +π²/8. இரண்டு வழியும் அழகாகக் குவிகிறது, ஆனால் விடைகள் எதிரெதிர்க் குறியில் நிற்கின்றன.

படி 4-ஐ முதலிலேயே செய்திருந்தால் இது பிடிபட்டிருக்கும். மூலைவிட்டத்துக்குப் பக்கத்தில் n = m + 1 இடங்களை மட்டும் பாருங்கள்: அங்கே மட்டு மதிப்பு 1/(2m+1). அந்த ஒரு கோட்டிலேயே 1/3 + 1/5 + 1/7 + ... விரிகிறது, மீதி அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம். ஒரு தொடரைச் சந்தேகிக்கும்போது எண்கள் மெதுவாகச் சிறுக்கும் இப்படி ஒரு கோட்டைத் தேடுவதுதான் எனக்குப் பிடித்த வழி, பெரும்பாலும் மூலைவிட்டத்தை ஒட்டியே அது கிடைத்துவிடும்.

சோதனை தோற்றால்?

தோற்றதாலேயே விடை மாறும் என்று அர்த்தமில்லை. (−1)^(m+n)/(mn) என்ற அட்டவணையில் மட்டு மதிப்பின் மொத்தம் முடிவிலி, ஆனாலும் இரண்டு வழியும் (ln 2)² என்றே தருகின்றன, ஏனென்றால் உறுப்பு m-க்கு ஒன்று, n-க்கு ஒன்று என்று இரண்டு காரணிகளாகப் பிரிந்துவிடுகிறது. அங்கே மாற்றுவதற்கு வேறொரு காரணம் இருந்தது, அதை நாம் தனியாகக் காட்ட வேண்டும்.

அப்படி எதுவும் கண்ணில் படாவிட்டால் முடிவுள்ள செவ்வகத்துக்குத் திரும்புங்கள். N × M வரை கூட்டி, அங்கே வரிசையை மாற்றி (அது எப்போதும் சரி), பிறகு N, M இரண்டையும் எந்த முறையில் முடிவிலிக்கு விட்டாலும் ஒரே எல்லை வருகிறதா என்று பாருங்கள். 1/(m² − n²)-க்கு இதைச் செய்தால், N = M என்று சதுரமாகவே வளர்க்கும்போது ஒவ்வோர் உறுப்பும் தன் எதிர் உறுப்போடு அடிபட்டு கூடுதல் எப்போதும் 0. ஆக நிரை வழியில் −π²/8, நிரல் வழியில் π²/8, சதுர வழியில் 0. இந்த மாதிரித் தொடரை எழுதும்போது எந்த வழியில் கூட்டுகிறோம் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குறியீட்டுக்கு மதிப்பு என்று ஒன்றே இல்லை.