சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்: ஏ மேஜரை வைத்து வட்டத்தை வாசிப்பது எப்படி

வட்டத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி இடத்தில் சி. அங்கிருந்து வலப்பக்கமாக ஜி, டி, ஏ, ஈ, பி என்று 5 மணி வரை போகும். 6 மணியில் எஃப் ஷார்ப். அதற்கே ஜி ஃபிளாட் என்றும் பெயர். சி-யிலிருந்து இடப்பக்கமாக 11 மணியில் எஃப், பிறகு பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், 7 மணியில் டி ஃபிளாட். உள்வட்டத்தில் இருப்பவை மைனர் கீகள்.

வலப்பக்கம் ஒவ்வோர் அடியும் ஒரு ஃபிஃப்த், அதாவது 7 அரைச்சுரங்கள் மேலே. சி-யையும் சேர்த்து எழுத்துகளை எண்ணினால் சி, டி, ஈ, எஃப், ஜி என்று ஐந்தாவதாக ஜி வரும். பெயர்க் காரணம் அதுதான்.

இப்போது ஏ மேஜரை எடுப்போம்.

1. எத்தனை ஷார்ப்? 12 மணியிலிருந்து ஏ வரை எண்ணுங்கள்: ஜி, டி, ஏ. மூன்று அடிகள், ஆகவே மூன்று ஷார்ப். சி மேஜரில் ஒன்றுமில்லை என்பதால் அதை எண்ணக் கூடாது.

2. எவை அந்த மூன்று? தொடக்கத்தில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். எண்ணிக்கைக்கு 12 மணியில் நின்றோம். பெயர்களுக்கு 11 மணிக்குப் போக வேண்டும். எஃப்-இல் தொடங்கி வலப்பக்கமாக மூன்றை எடுங்கள்: எஃப், சி, ஜி. ஆக ஏ மேஜரில் எஃப் ஷார்ப், சி ஷார்ப், ஜி ஷார்ப். ஸ்டாஃபிலும் இதே வரிசையில்தான் எழுத வேண்டும்.

ஏன் எஃப்-இல் தொடங்குகிறது? மேஜர் ஸ்கேலில் ஏழாவது சுரம் மூலச்சுரத்துக்கு அரைச்சுரம் கீழே இருக்க வேண்டும். சி-யிலிருந்து ஜி-க்கு நகர்ந்தால் ஏழாவது இடத்தில் எஃப் வருகிறது. அது ஜி-க்கு முழுச்சுரம் தள்ளி இருப்பதால் ஷார்ப் ஆகிறது. அடுத்து டி-க்குப் போனால் இதே காரணத்துக்காக சி. ஒவ்வோர் அடியும் பழைய ஷார்ப்களை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது.

இதிலேயே விடையைச் சரிபார்க்கும் வழியும் கிடைக்கிறது: கடைசி ஷார்ப் கீயின் பெயருக்கு அரைச்சுரம் கீழே இருக்கும். ஜி ஷார்ப்புக்கு மேலே ஏ, சரி. தவறாக 1 மணியிலிருந்து எடுத்தவர் ஜி, டி, ஏ என்று எழுதியிருப்பார். ஏ மேஜரில் ஏ-யே ஷார்ப் ஆகிவிட்டால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

3. ரிலேட்டிவ் மைனர். ஏ-க்கு நேர் உள்ளே எஃப் ஷார்ப் மைனர். இரண்டுக்கும் ஒரே கீ சிக்னேச்சர். அப்படியானால் தாளில் மூன்று ஷார்ப் பார்த்தால் எந்தக் கீ? சிக்னேச்சர் மட்டும் அதைச் சொல்லாது. பாட்டு எந்தச் சுரத்தில் வந்து அமைகிறது என்று பாருங்கள். நடுவில் ஈ-க்கு முன்னால் அடிக்கடி ஷார்ப் குறி தென்பட்டால் பெரும்பாலும் மைனர்தான். எஃப் ஷார்ப் மைனரின் ஏழாவது சுரத்தை உயர்த்தும்போது அந்த ஈ ஷார்ப் வருகிறது.

ஏ மைனரையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஏ மேஜரின் பேரலல் மைனர், அதாவது அதே மூலச்சுரத்தைக் கொண்ட மைனர். மூன்று அடி இடப்பக்கம், 12 மணியின் உள்வட்டத்தில், ஷார்ப்பே இல்லாமல் இருக்கிறது.

4. நெருங்கிய கீகள். ஏ-க்கு இருபுறமும் பாருங்கள்: டி, ஈ. உள்ளே: பி மைனர், எஃப் ஷார்ப் மைனர், சி ஷார்ப் மைனர். டி மேஜருக்கும் ஏ மேஜருக்கும் ஜி மட்டுமே வேறுபடும்; ஈ மேஜரோடு டி மட்டும். ஆறு சுரங்கள் பொது என்பதால்தான் பாட்டின் நடுவில் இந்தக் கீகளுக்கு மாறினால் காதுக்கு உறுத்துவதில்லை.

கூடவே ஒரு லாபம்: ஏ-யையும் சேர்த்து இந்த ஆறு பெயர்களும் ஏ மேஜரின் ஆறு கார்டுகளும் கூட. ஏழாவதான ஜி ஷார்ப் டிமினிஷ்ட் இந்தக் கூட்டத்தில் இல்லை. 5 மணியின் உள்ளே ஜி ஷார்ப் மைனர் தெரிகிறதே என்று அதை வாசித்தால், அதிலுள்ள டி ஷார்ப் ஏ மேஜரோடு மோதும்.

ஃபிளாட் பக்கம் இதன் தலைகீழ். ஈ ஃபிளாட் மேஜர் 12 மணியிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது அடி, ஆகவே மூன்று ஃபிளாட். பெயர்களை 10 மணியிலிருந்து இடப்பக்கமாக எடுங்கள்: பி, ஈ, ஏ. இங்கே கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே கீயின் பெயர். எஃப் மேஜரில் ஒரே ஒரு ஃபிளாட் இருப்பதால் இந்தச் சோதனை செல்லாது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.