ஓட்டம் முடிந்ததும் பீரா?

பெங்களூரு கப்பன் பார்க்கில் ஞாயிறு காலை நீண்ட ஓட்டம். ஓடும் முன் 70 கிலோ, முடித்தபின் 68.8 என்றால் குறைந்த 1.2 கிலோவும் பெரும்பாலும் வியர்வைதான். அதை ஈடுகட்ட ஒன்றரை மடங்கு, அதாவது 1.8 லிட்டர் தேவை. மூன்று நான்கு மணி நேரத்தில் உப்புப் போட்ட மோர், தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

அந்த இடத்தில் பீர் வந்தால், குடித்த நீரில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். 2 சதவீத பீரில் இது அவ்வளவாகத் தெரியாது. 4 சதவீதத்திலேயே தெரியும்.

தசைக்கு இழப்பு இன்னும் பெரிது. 2014-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பயிற்சிக்குப் பின் எடைக் கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹால் குடித்தவர்களுக்கு, புரதம் சாப்பிட்டும் தசைப் புரத உற்பத்தி 24 சதவீதம் குறைந்தது. 70 கிலோ உடம்புக்கு அது 105 கிராம். நம்மூர் 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் இரண்டரை போதும், அந்த அளவு வந்துவிடும். கொண்டாட்டத்தில் சாதாரணமாக உள்ளே போகும் கணக்குதான் இது.

இரவில் குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் அடிக்கடி கலையும்.

குடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் மோரும் மூன்று முட்டையும். சிறுநீர் வெளிர்மஞ்சளான பிறகு, மதியச் சாப்பாட்டோடு ஒரு சிறிய லைட் பீர், அத்தோடு சரி.